மேடைக்கு முன் நாலு வரிசை

கேள்வி: விளையாட்டு விழாவில் 48 மாணவர்களை வைத்து அணிவகுப்பும் கூட்டு உடற்பயிற்சியும் நடத்த வேண்டும். எளிமையாக எப்படி அமைப்பது?

பதில்: நான்கு நான்கு பேராக 12 வரிசையில் நடக்க வையுங்கள். டிரம் நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஒலிக்கட்டும்; முதல் அடி இடது கால்.

மேடை வலப்பக்கம் இருந்தால், அதற்குப் பத்தடி முன்பே ‘ஐஸ் ரைட்’ சொல்ல வேண்டும். ‘ரைட்’ என்ற சொல் இடது கால் தரையில் படும்போது விழ வேண்டும். வலது ஓரத்தில் நடப்பவர்கள் மட்டும் தலையைத் திருப்பாமல் நேராகப் பார்க்க வேண்டும். அவர்களும் திரும்பினால் வரிசை மேடைப் பக்கம் சாய்ந்துவிடும்.

மைதானத்தைச் சுற்றி வந்து மேடைக்கு முன் நின்றதும் ‘ரைட் டர்ன்’. அந்த ஒரே கட்டளையில் 12 பேர் அகலமும் நான்கு வரிசை ஆழமுமாக எல்லாரும் விருந்தினரை நோக்கி நிற்பார்கள்.

அடுத்து விசில். இரண்டு மீட்டர் இடைவெளியில் முன்பே வைத்த சுண்ணாம்புப் புள்ளிகளுக்கு 16 எண்ணிக்கைக்குள் ஒவ்வொருவரும் போய்ச் சேர வேண்டும். நடுவில் நிற்பவர்கள் கொஞ்சமே நகர்வார்கள். ஓரத்தில் இருப்பவர்கள் ஏறக்குறைய ஏழு மீட்டர் போக வேண்டியிருப்பதால், வேகமாக ஓடுபவர்களை ஓரத்தில் நிறுத்துங்கள்.

பயிற்சிகள் நான்கு போதும். ஒவ்வொன்றும் எட்டு எண்ணிக்கை, நான்கு முறை. கைகள் பக்கவாட்டில், தலைக்கு மேல், குனிதல், குதித்தல் என்ற வரிசையில் வையுங்கள். பின்வரிசை தாமதித்தால், எண்ணுபவரின் குரல் அங்கே எட்டவில்லை என்று பொருள். அதனால் எல்லா வரிசைக்கும் தாளம் கேட்கும்படி டிரம்மை அணியின் பக்கவாட்டில், நடுப்பகுதிக்கு நேராக வையுங்கள்.