இசைவு வேண்டும் கடிதம்

மாணவர்களே, முதியவர் ஒருவர் நம்மிடம் கதை சொன்னார் என்பதனாலேயே அதைப் படத்தில் சேர்க்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. எதனை, எங்கே, எத்தனை காலம் பயன்படுத்துவோம் என்று எழுதிக் கேட்டல் வேண்டும். காலம் குறிப்பிடாத இசைவை ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே உரியதாக 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கொள்கிறது. இக்கடிதத்தைப் படியுங்கள்.

மட்டாஞ்சேரி

பெருமதிப்பிற்குரிய தாத்தா அவர்களுக்கு,

வணக்கம். டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து கொச்சிக்கு வந்த சலவைத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி எங்கள் தெருப் பிள்ளைகள் குறும்படம் எடுக்கிறோம். 1976இல் கட்டப்பட்ட ஃபோர்ட் கொச்சி தோபிகானாவும் அதில் வருகிறது. முறுக்குக் கயிற்றின் இடையே துணியைச் செருகிக் காயவைக்கும் தங்கள் தந்தையாரின் படத்தையும், ஸ்டுடியோவில் எடுத்த திருமணப் படத்தையும் சேர்க்க விரும்புகிறோம். படங்களை எடுத்துச் செல்லோம். தங்கள் இல்லத்திலேயே நகலெடுப்போம்.

கஞ்சி போடுதல் பற்றித் தாங்கள் கூறிய ஒலிப்பதிவில் நான்கு நிமிடம் போதும். தங்கள் தம்பியுடன் நேர்ந்த மனக்கசப்பைச் சேர்க்கமாட்டோம். பத்து ஆண்டுகள், நம் ஊர் மன்றங்களில் மட்டுமே திரையிடுவோம். இணையத்தில் வெளியிடுவதாயின் மீண்டும் கேட்போம். முதலில் தங்களுக்கே காட்டுவோம். ஒன்றை மட்டும் மறுத்தாலும் வருந்தோம்.

தங்கள் அன்புள்ள,
பக்கத்து வீட்டுப் பேத்தி

குறிப்பு: குடும்பத்தார் பணம் கொடுத்து எடுப்பித்த ஸ்டுடியோ படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையெனில், அவர்களுடையதே. நண்பர் எடுத்துத் தந்த படமாயின் அந்நண்பரையே கேட்க வேண்டும்.

பயிற்சி: தாத்தா திருமணப் படத்தை மறுத்துவிட்டார். பேத்தியின் மறுமொழியை எழுதுக.