குழாயில் பாயும் நீரின் அளவு: மெல்லிய வளையங்களைக் கொண்டு கணக்கிடும் முறை

தில்லியின் தென்பகுதியிலுள்ள கிட்வாய் நகர் போன்ற ஓர் அரசு ஊழியர் குடியிருப்புக்கு, 300 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் ஒன்றின் வழியே நீர் வருவதாகக் கொள்க. குழாயின் நடுவில் ஒரு வேகமானியைச் செலுத்திப் பார்த்தபொழுது, நீர் வினாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் செல்வது தெரிய வந்தது. ஒரு வினாடியில் எத்தனை லிட்டர் நீர் வருகிறது?

குறுக்குவெட்டுப் பரப்பை வேகத்தால் பெருக்கினால் விடை கிடைத்துவிடும் என்றே முதலில் தோன்றும். ஆரம் 0.15 மீட்டர், பரப்பு 0.0707 சதுர மீட்டர். பெருக்கற்பலன் வினாடிக்கு ஏறத்தாழ 84.8 லிட்டர். ஆனால் இவ்விடை பிழையானது. குழாயின் சுவரை ஒட்டிய நீர் அசைவதில்லை. சுவரிலிருந்து நடுவை நோக்கிச் செல்லச் செல்ல வேகம் மிகுகின்றது. நடுவில் கண்ட வேகம் மிகப் பெரிய வேகமேயன்றிச் சராசரி வேகமன்று.

வளையத்தின் பரப்பு

வேகம் இடத்துக்கு இடம் மாறுவதால், முழுப் பரப்பையும் ஒரே வேகத்தால் பெருக்குதல் இயலாது. எனினும் குழாய் நேராகவும் நிறைந்தும் இருக்குமாயின், அச்சிலிருந்து ஒரே தொலைவிலுள்ள எல்லாப் புள்ளிகளிலும் வேகம் ஒன்றே. ஆகவே குறுக்குவெட்டை ஒருமைய வட்டங்களால் மெல்லிய வளையங்களாகப் பிரிப்பது இயல்பான முறையாகும். ஆரம் r, அகலம் dr ஆகவுள்ள ஒரு வளையத்தை வெட்டி நீட்டினால், அது 2πr நீளமும் dr அகலமும் உள்ள மெல்லிய பட்டையாகும். அதன் பரப்பு 2πr dr. அவ்வளையத்தின் வழியே ஒரு வினாடியில் செல்லும் நீர்

dQ = v · 2πr dr

இதனை அச்சு முதல் சுவர் வரை, அதாவது r = 0 முதல் r = R வரை, தொகையிட்டால் முழுப் பாய்வும் கிடைக்கும்.

இங்கு r என்னும் காரணியே உயிர்நிலையாகும். மாணவர் பலர் இதனை விட்டுவிட்டு, ஆரத்தின் வழியே வேகத்துக்கு மட்டும் சராசரி காண்பதுண்டு. அதனால் விளையும் பிழையை ஒரு சிறு கணக்கால் அறியலாம்.

ஐந்து வளையங்கள்

மெல்லிய குழாயில் அமைதியாகச் செல்லும் சீரோட்டத்தில், வேகம் பரவளைய வடிவில் அமையும்:

v = v₀ (1 − r²/R²)

இங்கு v₀ என்பது நடுவிலுள்ள வேகம். ஜெர்மனியில் ஹாகன் 1839-லும், அதனை ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சில் பொய்சேய் என்னும் மருத்துவரும் நுண்குழாய்களில் செய்த சோதனைகள் இவ்வோட்டத்தைப் பற்றியவையே.

ஆரத்தை ஐந்து சமபாகமாக்கி ஐந்து வளையங்களை வரைக. அவற்றின் நடு ஆரங்கள் 0.1R, 0.3R, 0.5R, 0.7R, 0.9R. அவ்விடங்களில் வேகம் முறையே 0.99, 0.91, 0.75, 0.51, 0.19 பங்கு v₀ ஆகும். இவ்வைந்தின் வெறும் சராசரி 0.67.

ஆனால் வளையங்களின் பரப்புகள் சமமல்ல. அவை 1, 3, 5, 7, 9 என்னும் விகிதத்தில் உள்ளன. வேகம் மிகுந்த உள்வட்டம் முழுப் பரப்பில் நூற்றுக்கு 4 பங்கே. மெதுவாகச் செல்லும் வெளிவளையமோ நூற்றுக்கு 36 பங்கு. ஒவ்வொரு வேகத்தையும் அதற்குரிய பரப்பால் பெருக்கிக் கூட்டி, மொத்தப் பரப்பான 25-ஆல் வகுத்தால் 0.51 கிடைக்கின்றது. வளையங்களை மேன்மேலும் மெல்லியனவாக்கினால் இவ்வெண் எதனை நெருங்கும் என்பதைத் தொகையீடு காட்டும்:

Q = 2πv₀ ∫ (r − r³/R²) dr = 2πv₀ (R²/2 − R²/4) = πR²v₀/2

ஆகவே சராசரி வேகம் நடு வேகத்தில் சரிபாதி. r என்னும் காரணியை விட்டவருக்கு மூன்றில் இரு பங்கு என்னும் விடை வரும். அது உண்மையினும் மூன்றில் ஒரு பங்கு மிகை.

பெரிய குழாயில் ஓட்டம்

அப்படியாயின் குடியிருப்புக் குழாயிலும் சராசரி வேகம் 0.6 மீட்டர் எனலாமா? அதுவும் பிழையே. அவ்வளவு பெரிய குழாயில் சீரோட்டம் நிலைக்க வேண்டுமானால், சராசரி வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. அதனினும் மிக விரைந்து செல்லும் நீர் கொந்தளித்துச் சுழன்று செல்கின்றது. சுழல்கள் நடு நீரையும் ஓர நீரையும் கலந்துவிடுவதால், வேகம் குறுக்குவெட்டின் பெரும்பகுதியில் ஏறத்தாழச் சமமாகவும், சுவரருகே மட்டும் விரைந்து குறைவதாகவும் அமைகின்றது. இதற்கு வழக்கமாகக் கொள்ளும் தோராய விதி

v = v₀ (1 − r/R)^(1/7)

வேக விதி மாறினாலும் வளையம் மாறுவதில்லை. சுவரிலிருந்து தொலைவு y = R − r எனக் கொண்டால், வளையத்தின் பரப்பு 2π(R − y) dy. தொகையிட,

Q = 2πv₀R² (7/8 − 7/15) = (49/60) πR²v₀

சராசரி வேகம் நடு வேகத்தில் 0.817 பங்கு, அதாவது வினாடிக்கு 0.98 மீட்டர். பாய்வு வினாடிக்கு 69.3 லிட்டர். முதலில் கண்ட 84.8 லிட்டரினும் இது 15.5 லிட்டர் குறைவு. ஒரு நாளைக்கு இவ்வேறுபாடு ஏறத்தாழ 13.4 லட்சம் லிட்டராகும். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால், ஏறத்தாழப் பத்தாயிரம் பேருக்குரிய நீர் கணக்கில் மட்டும் இருந்து, குழாயில் இராது.

அளவிடும் இடங்கள்

வேக விதி முன்னரே தெரியாதபொழுது, வளைய முறையையே நேராக அளவையில் கையாளலாம். குறுக்குவெட்டைச் சம அகலமுள்ள வளையங்களாகப் பிரிப்பதற்கு மாறாக, சம பரப்புள்ள ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பரப்பையும் இரண்டாகப் பகுக்கும் வட்டத்தில் வேகத்தை அளக்கின்றனர். அவ்வட்டங்களின் ஆரங்கள் 0.316R, 0.548R, 0.707R, 0.837R, 0.949R. பரப்புகள் சமமாகிவிட்டதால், இங்கு வெறும் சராசரியே போதுமானது. பிட்டோ 1732-ல் வகுத்த, ஓட்டத்தை நோக்கி வாய் திறந்த குழல் இவ்வேலைக்கு ஏற்றது.

மேற்கண்ட குழாயில் ஏழிலொன்று அடுக்கு விதி செல்லுமாயின், இவ்விடங்களில் வேகம் 1.137, 1.071, 1.007, 0.926, 0.785 மீட்டராக இருக்கும். சராசரி 0.985, தொகையீட்டில் கண்ட 0.98-க்கு நூற்றுக்கு அரைப் பங்கே மிகை. அம்மிகை வருவதும் வெளிவளையத்திலிருந்தே; ஏனெனில் சுவரருகே விரைந்து குறையும் வேகத்தை ஓர் அளவையால் முற்றும் காட்ட இயலாது.

இம்முறை முழுவதும், ஒரே வளையத்தில் வேகம் ஒன்றே என்னும் கொள்கையின்மேல் நிற்கின்றது. வளைவையோ பாதி மூடிய அடைப்பிதழையோ கடந்து வந்த நீர் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடும். எனவே அளவைகளை அச்சின் இருபுறமும் எடுத்தல் வேண்டும். ஒரே ஆரத்தில் எதிரெதிரே எடுத்த இரு வேகங்கள் பெரிதும் வேறுபட்டால், அங்கு வளையக் கணக்கு செல்லாது. குழாய் நேராக நெடுந்தொலைவு சென்றுள்ள வேறோர் இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.