தொடையிடுக்கு வலி: தசையா, மூட்டா?

இருபது, முப்பது வயதில் தொடையிடுக்கின் ஆழத்தில் வலியும் இறுக்கமும் வந்தால் நம் வீடுகளில் உடனே ‘சுளுக்கு’ என்று எண்ணெயைக் காய்ச்சிவிடுவார்கள். உள்தொடைத் தசை இழுத்துக்கொண்டிருக்கலாம். அல்லது தொடை எலும்பின் பந்து, இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பில் இடித்துக்கொண்டிருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

1. வலி எப்போது தொடங்கியது என்று யோசியுங்கள். தசை இழுத்தவருக்கு அந்த நொடியே நினைவிருக்கும்: பந்தை உதைத்தபோது, கபடியில் காலை நீட்டியபோது, ஈரத் தரையில் வழுக்கியபோது. ‘சுரீர்’ என்று பிடித்திருக்கும். ஓரிரு நாளில் உள்தொடையில் நீலம் பாரிப்பதும் உண்டு. மூட்டு இடிப்புக்குப் பெரும்பாலும் அப்படி ஒரு நாள் இருக்காது. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வந்திருக்கும்.

2. வலிக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தசை வலி என்றால் உள்தொடை மேலே எலும்போடு சேரும் இடத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தி, “இங்கேதான்” என்பார்கள். மூட்டு வலிக்காரர் கட்டைவிரலைப் பின்பக்கமும் மற்ற விரல்களை முன்பக்கமுமாக வைத்து, இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்துக் காட்டுவார். எங்கே அழுத்தினாலும் வலி கைக்கு அகப்படாது.

3. கட்டிலில் மல்லாந்து படுத்து இரண்டு சோதனைகள் செய்யலாம். முழங்காலை மடக்கி, நடுவில் மடித்த தலையணையை வைத்து ஐந்து விநாடி நெருக்குங்கள். உள்தொடையில் வலித்தால் தசைமேல் சந்தேகம். அடுத்து, வலிக்கும் பக்கத்து முழங்காலை மடக்கித் தூக்கி, எதிர்த் தோளை நோக்கிக் கொண்டுபோய், பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கள். முன்பக்கத்தில் ஆழமாகக் கிள்ளினால் மூட்டுமேல் சந்தேகம். ஆனால் வேறு மூட்டுத் தொல்லைகளிலும் இது வலிக்கும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வலித்தவுடன் நிறுத்திவிடுங்கள்.

4. என் நாத்தனார் மகனுக்கு 24 வயது. ஞாயிறானால் கால்பந்து, மற்ற நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால். ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் வலி, தாழ்ந்த கார் சீட்டிலிருந்து இறங்கினால் வலி. நடந்தால் அவ்வளவாக இல்லை. சுளுக்கு என்று நீவிவிட்டும் போகவில்லை. தலையணையை நெருக்கியபோது ஒன்றுமில்லை, முழங்காலை எதிர்த் தோளுக்குக் கொண்டுபோனதும் முகம் சுளித்தான். எக்ஸ்ரேயில் பந்துக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் எலும்பு சற்றுப் புடைத்திருந்தது. மடக்கும்போதெல்லாம் அந்தப் புடைப்புதான் கிண்ண விளிம்பில் முட்டியிருக்கிறது. பிட்டத் தசைகளுக்கும் வயிற்றுத் தசைகளுக்கும் வலுவூட்டும் பிசியோதெரபி மூன்று மாதம் நடந்தது. கத்தியில்லாமலே இப்போது விளையாடுகிறான்.

5. தசைதான் என்றால் முதல் இரண்டு நாள் நீவவோ, இழுத்து நீட்டவோ வேண்டாம். கிழிந்த நாரில் ரத்தக்கசிவு கூடும். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து எடுக்கலாம். பிறகு வலி பொறுக்கும் அளவுக்குத் தலையணை நெருக்குவதையே பயிற்சியாகச் செய்யுங்கள். லேசான இழுப்பு இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். வலி நின்றதும் மைதானத்துக்கு ஓடினால் அதே இடத்தில் மறுபடி பிடிக்கும். நெருக்கினாலும் பக்கவாட்டில் ஓடினாலும் வலிக்காத பிறகு இறங்குங்கள்.

6. மூட்டு என்றால், ‘இறுக்கமாக இருக்கிறதே’ என்று முழங்காலை நெஞ்சோடு இழுத்துப் பிடிக்கும் பயிற்சியை விட்டுவிடுங்கள். இடிக்கும் இடத்திலேயே இன்னும் இடிப்பதுதான் அது. நாற்காலியில் ஒரு மெத்தை போட்டு, முழங்காலை விட இடுப்பு உயரமாக இருக்கும்படி உட்காருங்கள். கொஞ்ச காலத்துக்கு ஆழமாகக் குந்த வேண்டாம். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தால் அதுவே நல்லது.

7. ஆறு வாரமாகியும் குறையவில்லையா? எலும்பு மருத்துவரிடம் போங்கள். முதுகை மட்டும் படமெடுத்துத் திரும்பாமல், இரண்டு இடுப்பு மூட்டும் தெரியும் எக்ஸ்ரே வேண்டுமா என்று கேளுங்கள். படத்தில் புடைப்பு இருந்தாலே நோய் என்று பயப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு. வலி, பரிசோதனை, படம் மூன்றும் ஒத்துப்போனால்தான் இடிப்பு என்று சொல்ல வேண்டும் என 2016-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வகுத்திருக்கிறார்கள்.

8. காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பு இருந்து, நடமாட நடமாடக் குறைந்தால் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோடு வலி, காலை ஊன்றவே முடியாத நிலை, விரையில் திடீர் வலி, தொடையிடுக்கில் உள்ளே போகாத புடைப்பு என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஓட்டப் பயிற்சியைக் கூட்டிய பிறகு கால் ஊன்றும்போதெல்லாம் வலித்தாலும் அப்படித்தான். தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம். அதோடு ஓடினால் முழுதாக முறியும்.