இரண்டாவது கேள்வி ஏன் முதல் விடையை அழிக்கிறது?

பதினொன்றாம் வகுப்பில் எலக்ட்ரானின் தற்சுழற்சி குவாண்டம் எண்ணுக்கு +½, –½ என இரண்டு மதிப்புகள்தாம் உண்டு என்று கற்பிக்கிறோம். ஆர்பிட்டால் கட்டங்களில் ஒரு மேல் அம்பும் ஒரு கீழ் அம்பும் வரைகிறோம். இதனால் மாணவர் மனத்தில் ஒரு படம் பதிந்துவிடுகிறது. ஒவ்வொரு எலக்ட்ரான் மீதும் ‘மேல்’ அல்லது ‘கீழ்’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அளவிடும் கருவி அந்தச் சீட்டைப் படித்துச் சொல்கிறது என்பதே அந்தப் படம். தேர்வுக்கு இது போதும். ஆனால் தற்சுழற்சியை அடுத்தடுத்து வேறு வேறு திசைகளில் அளந்தால் இந்தப் படம் உடைந்துவிடும். அது எந்த இடத்தில், ஏன் உடைகிறது என்பதை வகுப்பில் நான் விளக்கும் வரிசையிலேயே இங்கே தருகிறேன்.

கருவி

1922ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஓட்டோ ஸ்டெர்ன், வால்தர் கெர்லாக் இருவரும் வெள்ளியை உலையில் ஆவியாக்கி, அந்த அணுக்களை மெல்லிய கற்றையாக ஒரு காந்தத்தின் முனைகளுக்கு இடையே செலுத்தினர். ஒரு முனையைக் கூராகவும் மற்றதைப் பள்ளமாகவும் அமைத்ததால் காந்தப்புலம் ஓரிடத்தில் வலுவாகவும் அடுத்த இடத்தில் வலுக்குறைந்தும் இருந்தது. இத்தகைய சீரற்ற புலத்தில் ஒரு சிறு காந்தம் நுழைந்தால், அது சாய்ந்திருக்கும் கோணத்தைப் பொறுத்து மேலோ கீழோ இழுக்கப்படும். அணுக்கள் எல்லாக் கோணங்களிலும் சாய்ந்திருந்தால் கண்ணாடித் தட்டில் ஒரே அகன்ற பட்டை விழுந்திருக்க வேண்டும். விழுந்ததோ நடுவில் இடைவெளியுடன் இரண்டு கோடுகள். வெள்ளி அணுவின் வெளிக்கூட்டிலுள்ள ஒற்றை எலக்ட்ரானின் தற்சுழற்சியே இதற்குக் காரணம் என்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது.

இந்தக் காந்தத்திலிருந்து பிரியும் இரண்டு கற்றைகளில் ஒன்றைத் தடுத்து மற்றதை மட்டும் வெளியே விட்டால் அது ஒரு வடிகட்டி. காந்தத்தை நிமிர்த்தி வைத்தால் ‘மேல்–கீழ்’ வடிகட்டி. அதையே 90° திருப்பிப் பக்கவாட்டில் வைத்தால் ‘வலம்–இடம்’ வடிகட்டி.

எண்ணிப் பார்ப்போம்

முதல் வடிகட்டியில் ‘கீழ்’ கற்றையைத் தடுத்துவிட்டோம். 1000 ‘மேல்’ அணுக்கள் வெளிவருகின்றன என்று கொள்வோம். இவற்றை இன்னொரு மேல்–கீழ் காந்தத்தில் விட்டால் 1000மும் மேலேயே செல்லும். கீழே ஒன்றுகூடப் போகாது. ஆக, முதல் விடை நம்பத்தக்கதுதான்.

இப்போது இரண்டாவதாக வலம்–இடம் காந்தத்தை வைப்போம். ஏறத்தாழ 500 வலப்பக்கமும் 500 இடப்பக்கமும் பிரியும். இடப்பக்கத்தைத் தடுத்து, வலம் வந்த 500ஐ மட்டும் மூன்றாவதாக ஒரு மேல்–கீழ் காந்தத்துக்குள் விடுவோம். எத்தனை அணுக்கள் கீழே செல்லும்?

இந்த இடத்தில் நிறுத்தி, மாணவர்களின் விடையைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்வேன். பெரும்பாலோர் பூஜ்யம் என்றே எழுதுவார்கள். அதில் நியாயம் உண்டு. அரிசியில் கலந்த கல்லை முதலில் பொறுக்கி எடுத்துவிட்டு, பிறகு நொய்யைச் சலித்தால், சலித்த அரிசியில் கல் மறுபடி முளைக்காது. ஆனால் இங்கே முளைக்கிறது! 500இல் ஏறத்தாழ 250 மேலும் 250 கீழும் செல்கின்றன. முதலிலேயே முற்றிலும் நீக்கிய ‘கீழ்’ திரும்பி வந்துவிட்டது. வலமா இடமா என்று கேட்டதில் ‘மேல்’ என்ற பழைய விடை அழிந்துபோயிற்று.

காந்தம் அணுவைக் கலைத்துவிட்டதா?

உடனே வரும் விளக்கம் இது: “நடுவிலிருந்த காந்தம் அணுவைத் தட்டிக் கலைத்துவிட்டது, ஐயா.” பல நூல்களும் இந்த அளவிலேயே நின்றுவிடுகின்றன. இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு.

வலம்–இடம் காந்தத்தில் எந்தப் பக்கத்தையும் தடுக்காமல் விடுவோம். பிரிந்த இரண்டு கற்றைகளையும் எதிர்த்திசைக் காந்தங்களைக் கொண்டு வளைத்து மீண்டும் ஒரே கற்றையாகச் சேர்ப்போம். எந்த அணு எந்தப் பக்கம் வந்தது என்பதற்கு எங்கும் தடயம் இருக்கக் கூடாது. சேர்ந்த கற்றையை மூன்றாவது மேல்–கீழ் காந்தத்தில் விட்டால் 1000மும் மேலே செல்லும், கீழே பூஜ்யம்!

இதை நிதானமாக யோசிக்க வேண்டும். இடப்பாதையை மூடியபோது 250 அணுக்கள் கீழே சென்றன. வலப்பாதையை மட்டும் மூடினாலும் அதே 250தான் கீழே செல்லும். இரண்டையும் திறந்தால் 500 என்று எதிர்பார்க்கிறோம், கிடைப்பது பூஜ்யம். காந்தம் தட்டிக் கலைப்பதே காரணம் என்றால், அந்தக் காந்தம் இப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வோர் அணுவும் அதன் வழியாகத்தான் வந்தது. ஆகவே விடையை அழித்தது காந்தத்தின் தட்டல் அல்ல. வலமா இடமா என்பது முடிவாகப் பதிவாகிவிட்டதா என்பதே கேள்வி. தடுப்பு வைத்தால் பதிவாகிறது. பழைய விடை அழிகிறது. பதிவு இல்லாமல் பாதைகள் சேர்ந்துவிட்டால் பழைய விடை அப்படியே இருக்கிறது.

வெள்ளி அணுக்களைக் கொண்டு இந்தச் சேர்க்கையைத் துல்லியமாகச் செய்வது மிகக் கடினம். காந்தப்புலம் சிறிது பிசகினாலும் 1000 என்ற விடை குலைந்துவிடும். ஆனால் நியூட்ரான்களுக்கும் இதே தற்சுழற்சி உண்டு. பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள ஆய்வு உலையில் 1980களில் நியூட்ரான் கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதையில் ‘மேல்’, மறு பாதையில் ‘கீழ்’ என்று வைத்துப் பிறகு சேர்த்தனர். கிடைத்தது மேலும் கீழும் கலந்த கூட்டம் அல்ல. தற்சுழற்சி கிடைமட்டத் திசையில் அமைந்த கற்றை.

கணக்கு எப்படி வருகிறது?

குவாண்டம் இயற்பியலில் நிகழ்தகவுகளை நேராகக் கூட்டுவதில்லை. ஒவ்வொரு வழிக்கும் வீச்சு என்று ஓர் எண் உண்டு. அதற்குக் குறை மதிப்பும் வரலாம். வழிகளைப் பிரித்தறிய முடியாதபோது வீச்சுகளை முதலில் கூட்டி, பிறகு வர்க்கப்படுத்தினால் நிகழ்தகவு கிடைக்கும்.

‘மேல்’ அணு வலம் வழியாகக் ‘கீழ்’ செல்லும் வீச்சு (1/√2) × (1/√2) = ½.
இடம் வழியாகக் ‘கீழ்’ செல்லும் வீச்சு (1/√2) × (–1/√2) = –½.

ஒரு பாதை மட்டும் திறந்திருந்தால் ½இன் வர்க்கம் ¼, 1000இல் 250. இரண்டும் திறந்திருந்தால் ½ – ½ = 0. ‘மேல்’ செல்வதற்கோ ½ + ½ = 1; எனவே 1000மும் மேலே. பழைய விடை அந்தக் கூட்டல், கழித்தல் குறிகளில்தான் பாதுகாப்பாக இருக்கிறது. ஒரு பாதையைத் தடுத்தால் குறிகளை ஒப்பிட மற்றொரு பாதை இல்லை; விடையும் இல்லை.

இதன் பொருள், ‘மேல்’ என்ற நிலையே வலமும் இடமும் சமமாக, ஒரு குறிப்பிட்ட குறியுடன் சேர்ந்த நிலை என்பதாகும். ‘மேல்’ அணுவிடம் வலமா இடமா என்பதற்கு நமக்குத் தெரியாத ஒரு விடை ஒளிந்திருக்கவில்லை. இரண்டு திசைகளிலும் ஒரே நேரத்தில் தீர்மானமான விடை கொண்ட நிலை எதுவும் இல்லை.

வகுப்பில் செய்து பார்க்க

தொடக்க, நடுநிலை வகுப்புகளில் நாணய விளையாட்டு போதும். ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு சிலேட்டு. அதில் ‘மேல்’ என்று எழுதியிருக்கும். விதி ஒன்றே: ஒரு வாசலில் நுழையும்போது அந்த வாசலுக்குரிய விடை சிலேட்டில் இருந்தால் மாற்ற வேண்டாம், இல்லையெனில் உள்ளதை அழித்துவிட்டு, நாணயத்தைச் சுண்டி விழுவதை எழுத வேண்டும். 32 பேர் வலம்–இடம் வாசலில் நுழைந்தால் ஏறத்தாழ 16 பேர் ‘வலம்’. அவர்கள் மட்டும் மேல்–கீழ் வாசலுக்குப் போனால் 8 மேல், 8 கீழ் என்ற அளவில் வரும். எண்கள் சற்று முன்பின் இருக்கும். ஆனால் பாதைகளைச் சேர்க்கும் சோதனையை இந்த விளையாட்டால் காட்ட முடியாது. நாணயத்துக்குக் குறை வீச்சு கிடையாது. அதை மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

மேல்நிலை வகுப்பில் போலராய்டு தாள்கள் பயன்படும். எல்.சி.டி. கணினித் திரையின் ஒளி ஏற்கெனவே தளவிளைவுற்றது. அதுவே முதல் வடிகட்டி. ஒரு தாளைத் திரைக்கு முன் பிடித்து, ஒளி மறையும்வரை திருப்புங்கள். இப்போது திரைக்கும் அந்தத் தாளுக்கும் நடுவில் இன்னொரு தாளை 45° சாய்த்துச் செருகினால், கூடுதலாக ஒரு தடுப்பு வைத்தும் ஒளி திரும்பி வரும். மாலஸ் விதிப்படி ½ × ½ = ¼ பங்கு. அதே தாளை இரண்டுக்கும் வெளியே வைத்தால் இருட்டு மாறாது, வரிசைதான் முக்கியம். தாளை எப்படித் திருப்பினாலும் திரை இருளவில்லை என்றால், அந்தத் திரையோ தாளோ இதற்கு ஏற்றதல்ல. திரையரங்க முப்பரிமாணக் கண்ணாடிகள் பல வட்டத் தளவிளைவு வகை என்பதால் இந்தச் சோதனையில் குழப்பும்.

ஒளியில் 45° என்பது தற்சுழற்சியில் 90°க்குச் சமம். மாலஸ் விதியில் cos²θ, தற்சுழற்சியில் cos²(θ/2). இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: திரையிலிருந்து வரும் பிரகாசமான ஒளியின் முடிவை அலைக்கொள்கையே விளக்கிவிடும். ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும் இதே பங்குகள் கிடைக்கின்றன என்பதுதான் நம் பாடத்தோடு இதை இணைக்கிறது.

மாணவர்களுக்கு நான் தரும் பயிற்சிக் கணக்கு இது. முதல் வடிகட்டியிலிருந்து 1600 ‘மேல்’ அணுக்கள் வருகின்றன. நடு வடிகட்டி 60° சாய்ந்துள்ளது. அதன் ஒரு பாதை மூடப்பட்டுள்ளது. கடைசி மேல்–கீழ் காந்தத்தில் எத்தனை கீழே செல்லும்? cos²30° = ¾ என்பதால் நடு வடிகட்டியைக் கடப்பவை 1200. அவற்றில் ¾ பங்கு, அதாவது 900 மேலே; 300 கீழே. பிறகு, நடுவில் இரு பாதைகளையும் திறந்து தடயமின்றிச் சேர்த்தால் என்னவாகும் என்று கேட்பேன். கணக்குப் போடத் தொடங்கும் மாணவர் இன்னும் சீட்டுப் படத்திலேயே இருக்கிறார். 1600மும் மேலே என்று கணக்கின்றிச் சொல்பவருக்குப் பாடம் புரிந்துவிட்டது.