கவர் லெட்டரில் நான் தேடும் ஒரு பத்தி

எங்களுடையது சின்ன கேம் ஸ்டுடியோ. வரும் விண்ணப்பங்களைப் பார்க்கத் தனி எச்.ஆர். கிடையாது, ஆர்ட் வேலைக்கு நடுவே நானேதான் பார்க்கிறேன். அதனால் போர்ட்ஃபோலியோ லிங்க் லெட்டரின் முதல் இரண்டு வரிக்குள் இருந்தால் நல்லது. "சின்ன வயதிலிருந்தே கேம்ஸ் என்றால் உயிர்" என்ற வரி எல்லா லெட்டரிலும் வருகிறது, அதை எடுத்துவிடலாம். ஜூனியர் என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட் வேலைக்கு வருபவரிடம் நான் தெரிந்துகொள்ள விரும்புவது, படத்தில் எது அவர் கைவேலை, அதை ஏன் அப்படிச் செய்தார் என்பதைத்தான்.

நண்பரின் மகள் படிப்பை முடித்துவிட்டு, தன் லெட்டரைப் பார்த்துத் தரச் சொன்னாள். "அன்ரியலில் செட்டிநாட்டு வீடு ஒன்றைத் தத்ரூபமாக உருவாக்கினேன், பிளெண்டர், சப்ஸ்டன்ஸ் பெயின்டரில் நல்ல தேர்ச்சி உண்டு" என்று எழுதியிருந்தாள். "வீட்டை எப்படிம்மா கட்டினே?" என்று கேட்டேன். அவள் சொன்னதையே எழுதச் சொன்னேன். பத்தி இப்படி மாறியது:

"முற்றத்தின் சுவர், தூண், வாசல் எல்லாம் நான் செய்த 14 மாடுலர் துண்டுகள். சுவர்த் துண்டின் அகலம் 4 மீட்டர். மீட்டருக்கு 512 பிக்சல் என்று வைத்துக்கொண்டதால் 2048 டெக்ஸ்சர் அதற்குச் சரியாகப் பொருந்தியது. தூண் வளையமும் கதவு நிலையும் ஒரே டிரிம் ஷீட்டைப் பயன்படுத்துகின்றன. லைட் பேக் செய்தபோது சுவர்கள் சேரும் இடத்தில் கோடு தெரிந்தது. அங்கெல்லாம் தூணை நிறுத்தி மறைத்தேன். செடிகளும் பித்தளைக் குடமும் வெளியிலிருந்து வாங்கியவை."

இதைப் படித்தவர் உடனே படத்துக்குப் போய்ச் சரிபார்ப்பார். மீட்டருக்கு இத்தனை பிக்சல் என்ற கணக்கு தவறியிருந்தால் படமே காட்டிக்கொடுத்துவிடும்: தூண் துல்லியமாக இருக்கும், பக்கத்துச் சுவர் மங்கலாகத் தெரியும். ஒரே டிரிம் ஷீட்டைப் பல இடங்களில் பயன்படுத்தியது, மெமரியைப் பற்றி யோசிக்கிறாள் என்று சொல்கிறது. மொபைல் கேம் செய்யும் இடத்தில் அது பெரிய விஷயம். எனக்கு மிகவும் பிடித்தது தூணை வைத்துக் கோட்டை மறைத்த வரி. லைட்டை பேக் செய்து பார்த்து, அடிபட்டவருக்கே அது தெரியும்.

வாங்கிய அசெட்டை மறைக்காதீர்கள். கடையில் கிடைக்கும் செடிகளும் பாறைகளும் தொழிலில் இருப்பவர்களுக்குப் பார்த்ததும் தெரியும். ஒன்றை மறைத்தது தெரிந்தால், நீங்களே செய்த தூணின் மீதும் சந்தேகம் வரும்.

கார்ட்டூன் பாணியில் கேம் செய்யும் ஸ்டுடியோவுக்கு இந்த வீடு மட்டும் போதாது. அவர்கள் பாணியில் ஒரு பெட்டியோ விளக்கோ செய்து, லெட்டரில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

லெட்டர் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அனுப்புமுன் லிங்கை இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பாருங்கள்; அனுமதி கேட்டு நிற்கும் லிங்க்குக்காக யாரும் உங்களுக்கு மெயில் எழுத மாட்டார்கள்.