சைட்டில் வழங்கல் பதிவேடு: கம்பிக் கணக்கு எங்கே பிசகுகிறது?

ஹுன்னஸ்கிரிய பக்கத்தில் வீடு கட்டும் சைட்டுகளில் சீமெந்துக் கணக்கு ஓரளவு சரியாகவே இருக்கும். கம்பிக்கு வந்தால்தான் குழப்பம். அதனால் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதற்குப் போகிறேன்.

1. தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து, பொருளுக்கொரு பக்கம் ஒதுக்குங்கள். திகதி, காலை இருப்பு, வரவு, வழங்கியது, திரும்பியது, கழிவு, மாலை இருப்பு, வாங்கியவர் கையொப்பம் என்று கோடு போடுங்கள். எழுதுவது பேனையால் மட்டும். பிழை வந்தால் ஒரு கோடு கிழித்துக் கையொப்பமிடுங்கள்.

2. மண்வெட்டி, மட்டம், வாளி எல்லாவற்றிலும் பெயின்டால் இலக்கம் போடுங்கள். இலக்கத்தை எழுதிக் கொடுத்து, மாலையில் திரும்ப வாங்குங்கள்.

3. சீமெந்துக்குக் காலி உறைகளே சாட்சி. காலையில் 46 மூடை, லொறியில் வந்தது 50, வழங்கியது 22, பிரிக்காமல் திரும்பியது 1, இறுகிப்போனது 2. மாலை இருப்பு 73. வேலைக்குப் போனது 21 மூடை, ஆகவே 21 காலி உறை வர வேண்டும். 20தான் வந்ததா? ஒரு மூடை கலவை போடும் இடத்தில் கிடக்கிறது. இங்குள்ள பனியில் விடியும்வரை வெளியில் கிடந்தால் அதுவும் இறுகிவிடும், அன்றே தேடுங்கள்.

4. இனிக் கம்பி. கிலோவில் வந்தாலும் எண்ணிக்கையில் பதியுங்கள். 6 மீற்றர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி ஒன்று ஏறத்தாழ 5.3 கிலோ; இறக்கும்போதே எண்ணி, பில்லில் உள்ள எடையோடு ஒப்பிடலாம்.

லின்டலுக்கு 9 அடித் துண்டு 36 வேண்டும். ஒரு கம்பியில் இரண்டு துண்டு வெட்டலாம். ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூடுதலாக மிஞ்சும். காலையில் 20 கம்பி கொடுத்தீர்கள். 18ஐ வெட்டி, 2ஐ முழுதாகத் திருப்பினார்கள். பதிவேட்டில் வழங்கியது 20, திரும்பியது 2. மிஞ்சிய 18 துண்டுகளை என்ன செய்வது? பலர் அவற்றை ஒட்டுமொத்தமாக அளந்து “ஒன்றரைக் கம்பி” என்று இருப்பில் சேர்த்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் கொங்கிரீட் நாளில் கொப்பியில் உள்ள கம்பி களஞ்சியத்தில் இருக்காது. துண்டுக்குத் தனிப் பக்கம் வையுங்கள்: விட்டம், நீளம், எண்ணிக்கை. மூன்று அடிக்குக் குறைந்ததை நான் கழிவுக் குவியலில் போட்டு, எடையை மட்டும் எழுதுவேன். நீளமானதை முழுக் கம்பி கொடுப்பதற்கு முன் கொடுங்கள்.

5. மாலை இருப்பை முதலில் கண்ணால் எண்ணி எழுதுங்கள். பிறகுதான் கூட்டிக் கழியுங்கள். கணக்குப் போட்டுவிட்டு எண்ணப் போனால், கை தானாகவே அந்த எண்ணுக்கு வந்து நிற்கும். வித்தியாசத்தைத் திருத்தாமல் சிவப்பில் எழுதி, மேசனிடம் அன்று மாலையே கேளுங்கள். மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது.