உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்: இயர்பட்ஸ் ஆடியோவை வீடியோவோடு சேர்ப்பது எப்படி?

ஊரிலிருந்து வந்திருந்த பாட்டியை ஒரு நேயர் 40 நிமிடம் பேட்டி எடுத்திருக்கிறார். படம் போனில். குரல், பாட்டி காதில் மாட்டியிருந்த வயர்லெஸ் இயர்பட்ஸ் வழியா லேப்டாப்பில். எடிட் பண்ணும்போது ஆரம்பம் கச்சிதமா இருக்கு, ஆனா போகப் போக குரல் உதட்டுக்குப் பின்னாடி வருது. பாட்டி திரும்பி ஊருக்குப் போயாச்சு, மறுபடி எடுக்க முடியாது. ஆனா இருக்கிறதை வெச்சே இதைச் சரி பண்ணலாம்.

முதலில் ரெண்டு பிரச்சினைகளைப் பிரிச்சுப் பார்ப்போம். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவு தாமதம்னா, அது புளூடூத் வழியா ஒலி வந்து சேர ஆகும் நேரம். ஆடியோவை ஒரு தடவை நகர்த்தினா போதும். ஆனா இங்கே தாமதம் வளருது. காரணம், ஒவ்வொரு கருவியும் தன்னுடைய சொந்தக் கடிகாரத்தை வெச்சுத்தான் ஒலியை அளக்குது. இயர்பட்ஸுக்கு ஒண்ணு, லேப்டாப்புக்கு ஒண்ணு, படம் எடுத்த போனுக்கு ஒண்ணு. அவற்றில் ஒண்ணு பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே 40 நிமிடத்தில் கால் விநாடி தள்ளிப் போயிடும்.

படத்தை முதலில் சோதிங்க

இயர்பட்ஸ் டிராக்கை மியூட் பண்ணிட்டு, போனிலேயே பதிவான ஒலியோடு வீடியோவின் கடைசிப் பகுதியைப் பாருங்க. அதிலும் உதடு பொருந்தலைன்னா குற்றவாளி இயர்பட்ஸ் இல்லை. பல போன்கள் ஒரே சீரான ஃபிரேம் வேகத்தில் எடுக்காது, வெளிச்சம் குறைஞ்சா வேகத்தைக் குறைக்கும். சில எடிட்டர்கள் அதில் தடுமாறும். வீடியோவை MediaInfo-வில் திறந்தா `Frame rate mode: Variable` என்று காட்டும். எடிட்டருக்குக் கொடுக்கும் முன்னாடி சீராக்கிடுங்க:

```
ffmpeg -i in.mp4 -vf fps=25 -c:v libx264 -crf 18 -c:a copy out.mp4
```

உங்க ப்ராஜெக்ட் 30 என்றால் 25-க்குப் பதிலா 30 போடுங்க.

எவ்வளவு விலகியிருக்குன்னு அளங்க

நம்ம நேயரின் போன் ஒலி சரியாத்தான் இருந்தது. அதனால் அதுவே அளவுகோல். ரெண்டு டிராக்கிலும் தெளிவா விழுந்த, சட்டுனு வெடிக்கிற சத்தங்களைத் தேடணும். கைதட்டல் இருந்தா நல்லது, இல்லேன்னாலும் பரவாயில்லை. இவருக்குக் கிடைச்சது: 5-ஆவது விநாடியில் மேசையில் டம்ளர் வைத்த சத்தம், கடைசியில் கதவு மூடின சத்தம்.

டம்ளர் சத்தத்தில் ரெண்டு டிராக்கையும் ஒண்ணா நிறுத்தினார். போனில் அங்கிருந்து கதவு வரை 2400.00 விநாடி. இயர்பட்ஸ் ஆடியோவில் 2400.24. அதாவது 0.24 விநாடி நீளம், 25 ஃபிரேம் வீடியோவில் 6 ஃபிரேம்.

உடனே சுருக்கிடாதீங்க. நடுவில், கிட்டத்தட்ட 20-ஆவது நிமிடத்தில், இன்னொரு சத்தத்தைப் பாருங்க. அங்கே விலகல் 0.12 விநாடியா, அதாவது பாதியா இருந்தா, விலகல் சீரா வளர்ந்திருக்கு. கடிகாரப் பிசகுதான். நேயருக்கு அப்படித்தான் இருந்தது.

சரி பண்ணுங்க

2400.24-ஐ 2400-ஆல் வகுத்தா 1.0001. ஆடியோ அவ்வளவு வேகமா ஓடணும்:

```
ffmpeg -i buds.wav -af atempo=1.0001 buds_fixed.wav
```

கமாண்ட் லைன் பிடிக்காதவங்க எடிட்டரில் ஆடியோ கிளிப்பின் வேகத்தை 100.01% என்று மாத்தலாம். இவ்வளவு சின்ன மாற்றம் காதுக்குத் தெரியாது. பிறகு டம்ளரில் மறுபடி பொருத்தி, கதவு சத்தமும் நடுச் சத்தமும் சேருதான்னு பாருங்க. ஆடியோ நீளமா இல்லாம குட்டையா இருந்தா, அதே கணக்கில் 1-க்குக் கீழே ஒரு எண் வரும்.

நடுச் சத்தம் பாதி விலகலைக் காட்டலைன்னா? உதாரணமா, 20 நிமிடம் வரை சரி, அதுக்கப்புறம் திடீர்னு குரல் உதட்டை முந்துது. அது புளூடூத் இணைப்பு ஒரு கணம் விட்டுப்போய், அந்தத் துண்டு ஒலி காணாமப் போனதால். இதுக்கு வேகத்தை மாத்தினா நல்லா இருந்த பகுதியும் கெடும். தாவல் நடந்த இடத்துக்குப் பக்கத்தில் பாட்டி மூச்சு வாங்குற மௌனத்தில் வெட்டி, பின்பகுதி முழுவதையும் பின்னாடி நகர்த்துங்க. இடைவெளியில் போன் டிராக்கின் அறைச் சத்தத்தை வெச்சா வெட்டினது தெரியாது.

ஒரு விஷயம் மட்டும் சரியாகாது. மைக்கைப் பயன்படுத்தும்போது புளூடூத் பெரும்பாலும் அழைப்புத் தரத்துக்கு இறங்கிடும், குரல் டெலிபோன் மாதிரி தட்டையா கேட்கும். அதனால் போன் ஒலியை அழிக்காதீங்க, சில இடங்களில் அதுவே மேல்.

அடுத்த பதிவில் தொடக்கத்திலும் முடிவிலும் கேமரா முன்னாடி ஒரு கைதட்டல். நடுவிலும் ஒண்ணு கிடைச்சா, மேலே சொன்ன மூணு அளவும் அஞ்சு நிமிஷத்தில் முடிஞ்சிடும்.